நெற்றியில் பரு, கன்னத்தில் தேமல்: ஒன்பது வயது முகத்துக்கு எதைப் பூசலாம்?

மகளுக்குத் தலை வாரிவிடும்போது அதை முதலில் கண்டது என் கண் அல்ல, விரல்தான். முன்நெற்றி முடியை ஒதுக்கியபோது மணல் ஒட்டியிருப்பதுபோல் நெருநெருவென்று தட்டுப்பட்டது. நேர் வெளிச்சத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஜன்னலோரம் உட்காரவைத்து, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி முகத்தைத் திருப்பினேன். தோல் நிறத்திலேயே பொடிப்பொடியாகப் பதினான்கு முட்டுகள். அவற்றில் இரண்டின் நுனியில் கறுப்புப் புள்ளி. மூக்கின் ஓரத்தில் சிவந்த பரு ஒன்று.

அதே வெளிச்சத்தில் கன்னமும் தெரிந்தது. இடது கன்னத்தில் நாணயம் அளவுக்கு வெளுத்த ஒரு திட்டு. அதன்மேல் மாவு தூவியதுபோல் மெல்லிய செதில். வலது கன்னத்தில் அதைவிடச் சிறியதாக இரண்டு. நாம் பொதுவாகத் தேமல் என்று சொல்லிவிடும் வகை. ஆனால் திட்டுகளைச் சுற்றிலும் கன்னம் முழுவதும் சிவந்து தோல் உரிந்திருந்தது. அது தேமலின் வேலையல்ல.

காரணம் அன்று மாலை தெரிந்தது. குளியலறையில் நான் வைத்திருந்த ஃபேஸ் வாஷ் ஒரே வாரத்தில் பாதியாகக் குறைந்திருந்தது. அதில் 2 சதவீதம் சாலிசிலிக் அமிலம் உண்டு. பெரியவர்களின் எண்ணெய்ப் பசைத் தோலுக்கானது. பள்ளியில் யாரோ "முகத்தில் என்ன அது?" என்று கேட்டிருக்கிறார்கள். அன்றிலிருந்து தினமும் நாலைந்து முறை அதைப் போட்டு முகம் கழுவியிருக்கிறாள். "தண்ணீர் பட்டாலே எரிகிறது அம்மா, ஆனால் எரிந்தால்தானே போகும்?" என்றாள். ஒன்பது வயதுக் குழந்தை யாரிடமும் சொல்லாமல் ஒரு வாரம் அந்த எரிச்சலைத் தாங்கியிருக்கிறாள் என்பதை நினைத்தால் இப்போதும் மனம் கனக்கிறது.

நான் மருந்தாளுநர். மருந்து வாங்க வரும் பெற்றோரிடம் இந்த இரண்டையும் பற்றித் தனித்தனியாகப் பல வருடங்களாகப் பேசியிருக்கிறேன். ஒரே முகத்தில் இரண்டும் சேர்ந்து இருக்கும்போதுதான் சிக்கல். பருவுக்கு வாங்குவது தேமலைக் கெடுக்கிறது, தேமலுக்குப் பூசுவது பருவைப் பெருக்குகிறது. அந்தச் சிக்கலைப் பற்றி மட்டும் இங்கே எழுதுகிறேன்.

பூப்பெய்தும் வயதுக்கு முன்பே பரு வருமா என்பதுதான் பலரும் கேட்கும் முதல் கேள்வி. வரும். சிறுநீரகத்தின் மேல் தொப்பிபோல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி, ஆறு முதல் எட்டு வயதுக்குள் மெல்ல விழித்துக்கொள்கிறது. அது சுரக்கத் தொடங்கும் ஹார்மோன் தோலின் எண்ணெய்ச் சுரப்பிகளைத் தூண்டுகிறது. உடல் வளர்ச்சியின் மற்ற அடையாளங்கள் தெரிவதற்குச் சில காலம் முன்னதாகவே இது நடக்கலாம். அதனால் ஏழு முதல் பன்னிரண்டு வயதுக்குள் வரும் லேசான பருவை மருத்துவர்கள் இயல்பான ஒன்றாகவே எடுத்துக்கொள்கிறார்கள். இந்த வயதுப் பருவுக்கென்று ஒரு முகம் உண்டு. பெரும்பாலும் நெற்றி, மூக்கு, சில நேரம் முகவாய், அவ்வளவுதான். சிவந்து சீழ் பிடித்தவை குறைவு. துளை அடைபட்ட பொடி முட்டுகளும் கரும்புள்ளிகளுமே அதிகம். முதுகிலும் மார்பிலும் அநேகமாக இருக்காது.

கன்னத்தின் கதை வேறு. குழந்தைப் பருவத்தில் தோலில் எண்ணெய்ச் சுரப்பு மிகக் குறைவு. நெற்றியும் மூக்கும் விழித்துக்கொண்ட பிறகும் கன்னம் பழையபடி வறண்டே இருக்கலாம். நெற்றி வளர்ந்துவிட்டது, கன்னம் இன்னும் குழந்தையாகவே இருக்கிறது என்று நான் மகளுக்குச் சொன்னேன். அவளுக்கு அது உடனே புரிந்தது. குடும்பத்தில் ஆஸ்துமா, அடுக்குத் தும்மல், கரப்பான் போன்றவை இருந்தால் கன்ன வறட்சி இன்னும் எளிதாக வரும். வறண்ட இடத்தில் லேசான அழற்சி ஏற்பட்டு, அங்கே நிறமி குறைகிறது. அதுதான் அந்த வெளுப்பு. கருமையான, மாநிறமான தோலில் இது எடுப்பாகத் தெரியும். வெயிலில் சுற்றுப்புறத் தோல் கறுத்துவிட்டால் இன்னும் பளிச்சென்று தெரியும். வயிற்றில் பூச்சி, கால்சியம் குறைவு என்றெல்லாம் காரணம் சொல்வார்கள். இந்தத் திட்டுக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை. இது தொற்றவும் தொற்றாது.

ஆனால் வெளுத்த திட்டெல்லாம் இதுவாகிவிடாது. எதையும் வாங்குவதற்கு முன் நல்ல வெளிச்சத்தில் ஒரு நிமிடம் பாருங்கள். சாதாரண வறட்டுத் தேமலின் ஓரம் மங்கலாகச் சுற்றுத் தோலில் கரைந்துபோகும், நிறம் குறைந்திருக்குமே தவிர முற்றிலும் போயிருக்காது, மேலே நுண்ணிய செதில் இருக்கும். சுண்ணாம்புபோல் முழு வெள்ளையாக, ஓரம் கோடு போட்டதுபோல் தெளிவாக, செதிலே இல்லாமல் இருந்தால் அது வெண்புள்ளியாக இருக்கலாம். ஓரம் மட்டும் தடித்துச் சிவந்து வளையமாகப் பரவி, நடுவில் தெளிந்து வந்தால் படர்தாமரை. இந்த இரண்டுக்கும் வீட்டு வைத்தியம் வேண்டாம், மருத்துவரிடம் காட்டுங்கள். படர்தாமரையா என்ற சந்தேகத்தைச் செதிலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்தே தீர்த்துவிடலாம்.

இந்த ஒரு நிமிடப் பார்வையைத் தவறவிட்டால் என்ன ஆகும் என்பதை என் அக்கா வீட்டில் பார்த்தேன். அக்கா மகனுக்கு அப்போது ஏழு வயது. மேலுதட்டுக்கு மேல் கொஞ்சம் வறட்சி. யாருக்கோ அரிப்புக்காக வாங்கி மீந்திருந்த ஒரு கிரீமைப் பூசியிருக்கிறாள். மூன்றே நாளில் தோல் வழவழப்பாகிவிட்டது. நிறுத்தினால் மறுபடி வந்தது. மறுபடி பூசினாள். இப்படியே ஆறு வாரம். பிறகு எனக்கு ஒரு படம் அனுப்பி, "இவனுக்கு இந்த வயதிலேயே முகப்பரு வந்துவிட்டது, என்ன ஃபேஸ் வாஷ் வாங்கலாம்?" என்று கேட்டாள். வாயைச் சுற்றி, மூக்கு மடிப்பில், கண்ணின் கீழிமை வரை சின்னஞ்சிறு சிவப்புக் குருக்கள். உதட்டை ஒட்டி மட்டும் மெல்லிய வளையமாக ஒன்றுமே இல்லாத தோல். அந்த வளையத்தைப் பார்த்ததும் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கரும்புள்ளி ஒன்றுகூட இல்லை. பருவாக இருந்தால் அடைபட்ட துளைகள் எங்காவது கண்ணில் பட வேண்டும். "டியூபின் பின்புறத்தைப் படம் எடுத்து அனுப்பு அக்கா" என்றேன். வந்தது. ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, ஆன்டிபயாடிக் மூன்றும் கலந்த கிரீம். அதிலிருந்த ஸ்டீராய்டு முகத்தில் தொடவே கூடாத அளவுக்கு வீரியமானது.

இது பருவல்ல, ஸ்டீராய்டு கொண்டுவந்த வாய்சுற்று அழற்சி. பூசும்போது அடங்கும், விட்டால் பொங்கும். அதனால்தான் தாய்மார்கள் அந்தக் கிரீமை நம்பிவிடுகிறார்கள். தோல் மருத்துவர் அதை நிறுத்தச் சொன்னார். நிறுத்தியதும் முதல் இரண்டு வாரம் முன்பைவிட மோசமாகச் சிவக்கும் என்று அவர் முன்கூட்டியே எச்சரித்திருக்காவிட்டால், அக்கா நிச்சயம் மறுபடி அதையே பூசியிருப்பாள். அவர் எழுதிக்கொடுத்த மெட்ரோனிடசோல் பூச்சோடு முழுதாகத் தெளிய இரண்டு மாதத்துக்கு மேல் ஆயிற்று. படர்தாமரைமேல் இதே கிரீமைப் பூசினால் சிவப்பும் செதிலும் மறைந்து, அடியில் பூஞ்சை பரவிக்கொண்டே போகும். பிறகு மருத்துவருக்கே அடையாளம் காண்பது கடினமாகிவிடும். கிரீமின் பெயர் எதுவாக இருந்தாலும், உட்பொருள் பட்டியலில் -சோன், -சோல் என்று முடியும் பெயர்களைக் கண்டால் என்ன மருந்து என்று கேட்காமல் குழந்தையின் முகத்தில் வைக்காதீர்கள். -சோல் என்று முடிவதில் பூஞ்சை மருந்துகளும் உண்டு, ஸ்டீராய்டும் உண்டு. அதனால்தான் கேட்கச் சொல்கிறேன்.

மகளிடம் திரும்புகிறேன். குழந்தைகள் தோல் மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். அவர் சொன்ன வரிசைதான் இந்தக் கட்டுரையின் சாரம்: முதலில் கன்னம், பிறகு நெற்றி. இரண்டையும் ஒரே நாளில் தொடங்கக் கூடாது. எரிந்துகொண்டிருக்கும் தோலில் எந்தப் பரு மருந்தும் நிற்காது. மேலும் ஒன்றாகத் தொடங்கிவிட்டு எரிச்சல் வந்தால், எது காரணம் என்று கண்டுபிடிக்கவும் முடியாது.

முதல் இரண்டு வாரம் நெற்றிக்குப் பரு மருந்து எதுவும் இல்லை. என் ஃபேஸ் வாஷ் அலமாரியின் மேல்தட்டுக்குப் போனது. காலையில் வெறும் தண்ணீர். மாலையில் வாசனை சேர்க்காத, நுரை குறைந்த மென்மையான கிளென்சர், வெதுவெதுப்பான தண்ணீரில், விரல்நுனியால் அரை நிமிடம். சாதாரண சோப்பின் பி.எச். அளவு 9, 10 வரை இருக்கும். தோலின் மேற்பரப்பு ஏறக்குறைய 5. அந்த வித்தியாசமே வறண்ட கன்னத்தைக் காயப்படுத்தப் போதும். கிளென்சர் கடினமானதா என்று அறிய ஒரு வழி: கழுவித் துடைத்த பத்து நிமிடத்தில் முகம் இழுப்பதுபோல் இருக்கிறதா என்று குழந்தையிடம் கேளுங்கள். இருக்கிறது என்றால் அது அவளுக்கு உரியதல்ல.

துண்டால் ஒற்றியெடுத்து, ஈரம் முழுதாகக் காய்வதற்குள் மாய்ஸ்சரைசர். இங்கேதான் நெற்றியும் கன்னமும் பிரிகின்றன. கன்னத்துக்கு நாங்கள் எடுத்தது கிளிசரினும் செராமைடும் உள்ள கெட்டியான கிரீம். வெடித்திருந்த இடத்தில் மட்டும் இரவில் அதன்மேல் பெட்ரோலியம் ஜெல்லி, தெரிந்தும் தெரியாத அளவுக்கு. நெற்றிக்கு அதே உட்பொருள் கொண்ட இலகுவான லோஷன், மெல்லிய ஒரு கை. முகம் முழுவதற்கும் ஒரே கெட்டி கிரீமைப் பூசியிருந்தால் நெற்றி முட்டுகள் கூடியிருக்கலாம். முகம் முழுவதற்கும் ஜெல் மட்டும் பூசியிருந்தால் கன்னம் ஆறியிருக்காது. தலையில் தேய்க்கும் எண்ணெயும் முடிக்கான கிரீமும் நெற்றிக்கு வழிந்துவராமல் பார்த்துக்கொண்டேன். முடியின் ஓரத்தை ஒட்டி மட்டும் வரிசையாக முட்டுகள் இருந்தால் முதல் சந்தேகம் அவற்றின்மேல்தான் விழ வேண்டும்.

சிவந்து அரித்த இடத்துக்கு மருத்துவர் ஐந்து நாளுக்கு மட்டும் 1 சதவீதம் ஹைட்ரோகார்ட்டிசோன் எழுதினார். அதுவும் ஸ்டீராய்டுதான், ஆனால் மிக மென்மையானது. கன்னத்தில் மட்டும், ஐந்து நாள் மட்டும், வாயோரம் கூடாது என்று அவர் வரம்பு கட்டிக் கொடுத்தார். அக்கா வீட்டில் நடந்ததற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அந்த வரம்புதான். காலையில் வெளியே போகும்முன் ஜிங்க் ஆக்சைடு கலந்த எஸ்.பி.எஃப். 30 சன்ஸ்கிரீன். திட்டை அது ஆற்றாது, சுற்றியுள்ள தோல் கறுத்துத் திட்டை எடுத்துக்காட்டாமல் தடுக்கும்.

பத்தாவது நாள் எரிச்சல் நின்றது. செதில் போனது. வெளுப்பு அப்படியே இருந்தது. இந்த இடத்தில்தான் பலர் கிரீம் வேலை செய்யவில்லை என்று முடிவுகட்டி, இன்னும் வலுவான ஒன்றைத் தேடிப் போகிறார்கள். செதில் போவதுதான் கிரீமின் வேலை. நிறம் திரும்புவது தோலின் வேலை, அதற்கு மாதங்கள் ஆகும், சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேலும் ஆகும். தொட்டுப் பார்த்து வழவழப்பாக இருந்தால் சரியான வழியில்தான் இருக்கிறீர்கள்.

மூன்றாம் வாரம் நெற்றிக்கு ஒரே ஒரு மருந்து: 2.5 சதவீத பென்சாயில் பெராக்சைடு ஜெல். 5, 10 சதவீதத்திலும் கிடைக்கும். லேசான பருவுக்கு 2.5 ஏறக்குறைய அதே பலனைத் தருகிறது, எரிச்சல் குறைவு. பல டியூபுகளில் 12 வயதுக்கு மேல் என்றே அச்சிட்டிருப்பார்கள். அதற்குக் கீழே உள்ள குழந்தைக்கு மருத்துவரைக் கேட்டே தொடங்க வேண்டும். அரிதாகச் சிலருக்கு இது கடுமையான ஒவ்வாமையைத் தரும் என்பதால் முதல் மூன்று நாள் நெற்றியின் ஒரு ஓரத்தில் துளி அளவு வைத்துப் பார்த்தோம். முகம் வீங்கினாலோ மூச்சு முட்டினாலோ உடனே கழுவிவிட்டு மருத்துவமனைக்கு ஓட வேண்டும். லேசான வறட்சி வேறு, அதற்குப் பயப்பட வேண்டாம்.

பூசும் முறையை அவளே கற்றுக்கொள்ளட்டும் என்று விட்டேன். பட்டாணி அளவு ஜெல், நெற்றியில் நாலு இடத்தில் புள்ளி வைத்து, முட்டுகள் உள்ள பகுதி முழுவதும் பரப்ப வேண்டும். பருவுக்குப் பரு தேடி வைப்பதில் பயனில்லை. அடுத்த பரு எந்தத் துளையில் அடைபடப் போகிறது என்பது நமக்குத் தெரியாது. முதல் வாரம் பூசி ஐந்து நிமிடம் கழித்துக் கழுவினாள். அடுத்து ஒருநாள் விட்டு ஒருநாள் இரவு முழுவதும். ஜெல் தொடங்கிய நான்காவது வாரத்திலிருந்து தினமும் இரவில். புருவத்துக்குக் கீழே இறங்கக் கூடாது என்பது எங்கள் எல்லைக்கோடு. இது துணியின் சாயத்தை எடுத்துவிடும். அவளுக்குப் பிடித்த நீலத் தலையணை உறையில் ஒரே இரவில் ஆரஞ்சுத் திட்டு விழுந்தது. அன்றிலிருந்து வெள்ளை உறை, வெள்ளைத் துண்டு.

எட்டு வாரத்தில் குறையாவிட்டால் அடாபலீன் என்ற இன்னொரு பரு மருந்தைச் சேர்க்கலாம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அடாபலீன் 0.1 சதவீதமும் பென்சாயில் பெராக்சைடு 2.5 சதவீதமும் கலந்த ஜெல்லை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஒன்பது வயதிலிருந்தே அனுமதித்திருக்கிறது. அது மருத்துவர் எழுதித் தரவேண்டிய மருந்து. வறண்ட கன்னம் உள்ள குழந்தைக்கு அது இரண்டாவது படிதான், முதல் படி அல்ல. எங்களுக்கு அந்தப் படி தேவைப்படவில்லை.

வாங்கக் கூடாதவற்றைப் பற்றி எனக்குக் கோபமே உண்டு. இந்த வயதுக் குழந்தைகளைக் குறிவைத்து அழகான குப்பிகளில் சீரம் விற்கிறார்கள். ரெட்டினால், கிளைக்காலிக் அமிலம் போன்றவை முதுமைச் சுருக்கத்துக்கும் நிறம் மங்கலுக்கும் போடுபவை. குழந்தைத் தோலில் அவற்றுக்கு வேலையே இல்லை. கன்னத்தின் மெல்லிய காப்பை உரித்தெடுத்து எரிச்சலைத்தான் தரும். துகள்கள் போட்ட ஸ்க்ரப், ஆல்கஹால் கலந்த டோனர், எலுமிச்சைச் சாறு, பற்பசை எல்லாம் இதே கணக்கில்தான் வரும். "இயற்கையானது" என்று எழுதியிருப்பதாலேயே மென்மையானதாகிவிடாது. வாசனை எண்ணெய்கள் பலருக்கு ஒவ்வாமை தருகின்றன. "துளையை அடைக்காது" என்ற வாசகத்தையும் முழுதாக நம்ப வேண்டாம். அதற்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒரே அளவுகோல் கிடையாது. அந்தச் சோதனையே ஒருகாலத்தில் முயலின் காதுமடலில் செய்யப்பட்டது. முன்பக்க வாசகத்தை விட்டுவிட்டுப் பின்பக்கப் பட்டியலைப் படியுங்கள். அதிகம் உள்ள பொருள் முதலில் வரும். பட்டியல் குட்டையாக இருந்து, முதல் சில பெயர்களுக்குள் கிளிசரின் இருந்து, வாசனைப் பொருள் எங்கும் இல்லாவிட்டால் விலை குறைந்ததே போதும்.

சில அடையாளங்களைக் கண்டால் பூச்சைப் பற்றி யோசிப்பதை விட்டு மருத்துவரைப் பாருங்கள். ஒரு வயதைக் கடந்து ஏழு வயதுக்குள் பரு வந்தால் அது வழக்கமானதல்ல, ஹார்மோன் சோதனை தேவைப்படலாம். பெண் குழந்தைக்கு எட்டு வயதுக்கு முன்பும், ஆண் குழந்தைக்கு ஒன்பதுக்கு முன்பும், பருவோடு உடல் நாற்றம், அந்தரங்க இடத்தில் முடி, திடீர் உயர வளர்ச்சி இவற்றில் ஏதாவது சேர்ந்திருந்தாலும் அப்படியே. ஆழமாக வலிக்கும் கட்டிகளும் தழும்பும் எந்த வயதிலும் காத்திருக்க வேண்டியவையல்ல.

பன்னிரண்டாவது வாரம் அதே ஜன்னலோரம் அவளை உட்காரவைத்து எண்ணினேன். நெற்றியில் நாலு முட்டு. கறுப்புப் புள்ளி ஒன்று. கன்னத்தின் வலப்பக்கத் திட்டுகள் எங்கே இருந்தன என்று தேட வேண்டியிருந்தது. இடப்பக்கத் திட்டு சுருங்கியிருக்கிறது, ஆனால் வெயிலில் விளையாடிவிட்டு வரும் நாட்களில் இன்னும் தெரிகிறது. ஜெல் இப்போது வாரத்தில் மூன்று இரவு. கன்னக் கிரீம் தினமும் இரண்டு வேளை, அதைக் குறைக்கவில்லை. "இது எப்போது முழுதாகப் போகும் அம்மா?" என்று கேட்டாள். நெற்றி இன்னும் சில வருடம் இப்படித்தான் வந்துபோய்க்கொண்டிருக்கும், கன்னம் அதற்கு முன்பே சரியாகிவிடும் என்றேன். எரிந்தால் உடனே சொல்ல வேண்டும் என்றும் சொன்னேன். நேற்று மாலை கழுவிவிட்டு வந்து, கேட்காமலேயே, "இன்றைக்கு இழுக்கவில்லை" என்றாள்.